வேலியோரத்து மாத்திரை

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று ஒரு மருந்தாளுநர் கேட்டால், ஜவ்வாது மலையில் பெரும்பாலான பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய்யல்ல. மருந்து என்றால் அவர்களுக்கு அட்டையில் வரும் மாத்திரை, சீசாவில் வரும் டானிக், கையில் போடும் ஊசி. வேலியில் படர்ந்திருக்கும் கொடியின் இலை மருந்தாகாது, அது இலை. ராத்திரி படுக்கப்போகும் முன் வெந்நீரில் போடும் கடுக்காய்ப் பொடி, பொடிதான். கேள்வியில்தான் கோளாறு.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில், சாமை விளைவித்தும் காட்டுப் பொருள் சேகரித்தும் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு, பச்சிலை அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. மாத்திரை பிற்பாடு வந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் தமிழ்நாடெங்கும் வீட்டுக்கே வருகின்றன. பஸ்ஸுக்குக் காத்திருந்து இறங்கி ஏறவேண்டிய மலைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரை வீட்டுக்குள் வந்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்தது எதுவும் வெளியே போகவில்லை. இரண்டும் ஒரே தகர டப்பாவுக்குள் சேர்ந்துவிட்டன.

ஒரு வீட்டுக்குப் போவோம். இது நான் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட வீடு. எந்த ஒரு குடும்பத்தின் கதையுமல்ல. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு துண்டும் மருந்தாளுநர்கள் அடிக்கடி எதிர்கொள்வதுதான்.

ஆயாவுக்கு வயது 72. எடை 42 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக பிரஷர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவில் இருப்பவை: மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், கிளிபென்கிளமைடு 5 மி.கி. காலையும் இரவும், பிரஷருக்கு அடினலால் 50, எனலாப்ரில் 5, கொழுப்புக்கு ஒரு மாத்திரை. ஒன்றரை மாதமாக ஆயா விடியற்காலையில் நனைந்து போய் எழுந்திருக்கிறார். இரண்டு தடவை பேச்சு குழறியது. ஒரு தடவை மாட்டுக் கொட்டகை வாசலில் விழுந்தார். "வயசாயிடுச்சு, கிறுகிறுப்பு" என்கிறார் மகன். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. "ரொம்ப நல்ல கண்ட்ரோல்" என்று யாரோ பாராட்டியும் இருக்கிறார்கள்.

எனக்கு அந்த 6.1தான் முதல் மணி. முதுமையில், அதுவும் உடல் தளர்ந்தவர்களுக்கு, அந்தச் சராசரி 8க்குள் இருந்தாலே போதும் என்கிறார்கள் சர்க்கரை நோய் வல்லுநர்கள். இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் 72 வயதுக்காரருக்கு 6.1 வந்தால், அது பரிசு அல்ல. நாளின் ஏதோ ஒரு வேளையில் சர்க்கரை பாதாளத்துக்குப் போய் வருகிறது என்று சந்தேகப்பட வேண்டிய எண் அது.

மருந்து மறுபரிசீலனைக்கு உலகெங்கும் எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது. அமெரிக்காவில் 1980களில் பரவிய பழக்கம். மளிகை வாங்கும் காகிதப் பையின் பெயரிலேயே அதை அழைத்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மலையில் அது பாதி வேலையைத்தான் செய்யும். வேலியை யாரும் பையில் போட்டு எடுத்து வர முடியாது. அதனால் இங்கே மருந்தாளுநர் வீட்டுக்குப் போவதே சரி; மாத்திரை கொடுக்கப் போகும் பணியாளரோடு மாதத்தில் ஒரு நாள் போனாலும் போதும்.

போனதும் "மூலிகை சாப்பிடறீங்களா" என்று கேட்கக் கூடாது. நோயின் பெயரையோ தொல்லையின் பெயரையோ சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

"ஆயா, சுகருக்கு மாத்திரை போக வேற என்ன பண்றீங்க?"

"என்னா பண்றது பாப்பா. குறிஞ்சான் பொடிதான். வெறும் வயித்துல."

"எவ்வளவு?"

ஆயா விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டுகிறார். வெருகடி. சித்த மருத்துவத்தின் பழைய அளவு. யார் கை எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்து மாறும் அளவு.

"எப்ப இருந்து?"

"மழை விட்டு இலை தழைச்சப்புறம். காய வெச்சு இடிச்சு டப்பால போட்டுட்டேன். முன்னாடி எப்பவாவது ரெண்டு இலை மெல்லுவேன். இப்பதான் தெனம்."

இந்த "எப்ப இருந்து" என்ற கேள்விதான் மறுபரிசீலனையின் முதுகெலும்பு என்று நினைக்கிறேன். என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட, எப்போது தொடங்கினார், தொல்லை எப்போது தொடங்கியது என்ற இரண்டு தேதிகளும் முக்கியம். காலண்டர் தேதி வேண்டாம். மழை, சாமை அறுவடை, திருவிழா, பேத்தி வயசுக்கு வந்த நாள் என்று நினைவுக்கு ஒட்டும் எதுவும் போதும். ஆயா இடித்த பொடியும் விடியற்காலை வியர்வையும் ஒரே பருவத்தில் வந்திருக்கின்றன.

இலை எது என்பதை உறுதிப்படுத்துவது அடுத்த வேலை. ஒரே பெயரில் வேறு வேறு கொடிகள் அழைக்கப்படுவது மலைக்கு மலை சகஜம். அதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "இந்த இலையை மென்னுட்டு சக்கரை போட்டுக்கிட்டா எப்படி இருக்கும் ஆயா?" ஆயா சிரிக்கிறார். "மண்ணைத் தின்ன மாதிரி இருக்கும்." அப்படியென்றால் சிறுகுறிஞ்சான்தான். சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இந்த விசித்திரத்தை வேதியியலாக்கியவர் டேவிட் ஹூப்பர். சின்கோனாப் பட்டையை ஆராய்வதற்காகச் சென்னை மாகாண அரசு உதகமண்டலத்தில் வைத்திருந்த வேதியியலர் அவர். 1887இல் இந்த இலையிலிருந்து இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஜிம்னமிக் அமிலம் என்று பெயர் சூட்டினார். இலையை மென்றபின் சில பத்து நிமிடங்களுக்கு நாக்கு இனிப்பை உணராது. மற்ற சுவைகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

நாக்கில் நடப்பதற்கும் ரத்தத்தில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ரத்தத்திலும் ஏதோ நடக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் உண்டு. 1990இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னையைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர்கள் 22 சர்க்கரை நோயாளிகளுக்கு, அவர்கள் சாப்பிட்டு வந்த மாத்திரையோடு சேர்த்து, இந்த இலையின் அடர்ந்த சாறு ஒன்றை நாளுக்கு 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தது, இன்சுலின் அளவு கூடியது. ஐந்து பேர் தங்கள் பழைய மாத்திரையை முற்றிலும் விட்டுவிட முடிந்தது. மற்றவர்களுக்கும் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வந்தது.

இந்த ஆய்வை இரண்டு தரப்பும் தவறாகப் படிக்கின்றன. மூலிகை அன்பர்கள் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தூக்கிப் பிடித்து, மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார்கள். நவீன மருத்துவத்தார், 22 பேர்தான், குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லை என்று ஒதுக்குகிறார்கள். மருந்தாளுநர் படிக்க வேண்டிய விதம் வேறு. அந்த ஆய்வில் மருத்துவர்கள் சர்க்கரையை அளந்துகொண்டே இருந்தார்கள். குறையக் குறைய மாத்திரையைக் குறைத்தார்கள். இலை வேலை செய்கிறது என்பதற்கு அது எவ்வளவு சான்றோ, அவ்வளவே சான்று இன்னொன்றுக்கும்: இலையைச் சேர்த்துவிட்டு மாத்திரையை அப்படியே விட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். நம் ஆயாவுக்கு அளந்து பார்க்க யாருமில்லை. தவிர, அந்த 400 மி.கி. சாறும் ஆயாவின் வெருகடிப் பொடியும் ஒன்றல்ல. இலையின் முதிர்ச்சி, காயவைத்த விதம், டப்பாவில் இருந்த காலம், எல்லாவற்றையும் பொறுத்துச் சத்து மாறும். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கணக்கிட வழியே இல்லை.

சரி, இலைதான் குற்றவாளி என்று இங்கேயே நிறுத்திவிடலாமா? பலர் நிறுத்திவிடுகிறார்கள். "நாட்டு மருந்தை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். நம் மருந்தாளுநர் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்.

"முட்டி வலிக்கு என்ன பண்றீங்க ஆயா?"

இதற்கு மகன் பதில் சொல்கிறார். கீழே இறங்கும்போதெல்லாம் கடையில் வாங்கி வரும் மாத்திரை. ஓரம் கிழிந்த அட்டை, பேர் பாதிதான் தெரிகிறது. டைக்குளோஃபெனாக் 50. காலையும் இரவும், இரண்டு மாதமாக. சீட்டு எதுவும் இல்லை. எந்தப் பதிவிலும் இல்லை.

"வயிறு?"

"கடுக்காய்ப் பொடி ராத்திரிக்கு. நல்லா போவுது. சில நாள் நாலு தரம் அஞ்சு தரம்கூட."

இப்போதுதான் படம் முழுசாகிறது. சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்ப்போம்.

டைக்குளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டு வரும் குழாயைச் சுருங்க வைக்கும். எனலாப்ரில், சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். வாய்க்கால் மடையில் வரத்தைக் குறைத்துவிட்டு வடிகாலையும் திறந்துவிட்டது போல, வடிகட்டியில் அழுத்தம் இறங்கிவிடும். இதோடு கடுக்காயால் பேதியாகி உடம்பில் நீர் குறைந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். சிறுநீரகம் மெதுவாகச் சோர்கிறது. வலிக்காது, வெளியே தெரியாது.

கிளிபென்கிளமைடைக் கல்லீரல் உடைக்கும். உடைந்த துண்டுகளும் சர்க்கரையைக் குறைக்கும் சக்தியுள்ளவை. அவற்றை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு. சிறுநீரகம் சோர்ந்தால் அவை உடம்பிலேயே தங்கும். நேற்றைய மாத்திரையின் மிச்சத்தின் மேல் இன்றைய மாத்திரை விழும். இந்த மாத்திரைக்கு இன்னொரு குணம்: சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரவில் ஆயா ஒரு குவளை சாமைக் கஞ்சி குடித்துவிட்டு ஏழு மணிக்கே படுத்துவிடுகிறார். அடுத்த பத்து மணி நேரம் வயிற்றில் ஒன்றுமில்லை. இலையும் அதே பக்கம் தள்ளுகிறது.

கடைசிக் கண்ணி அடினலால். சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினைப் பாய்ச்சி எச்சரிக்கும்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அடினலால் அந்த இரண்டையும் அடக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் அடக்க முடியாது, ஏனென்றால் வியர்வைச் சுரப்பிக்கு ஆணையிடும் நரம்பு வேறு வேதிப்பொருளைக் கொண்டு பேசுகிறது. அதனால்தான் ஆயா படபடப்பைச் சொல்லவே இல்லை. நனைந்துபோய் எழுந்ததைத்தான் சொன்னார். படபடப்பு இல்லாத, குளிர்ந்த, விடிகாலை வியர்வை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அந்தக் கையெழுத்தைத் தேடிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"ரிப்போர்ட்ல கிட்னி நார்மல்னு சொன்னாங்களே" என்கிறார் மகன். காகிதத்தில் கிரியேட்டினின் 1.1. பரிசோதனைக் கூடம் பக்கத்தில் எந்த நட்சத்திரக் குறியும் போடவில்லை. இதுதான் முதியவர்கள் விஷயத்தில் எல்லோரும் சறுக்கும் இடம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் சாதாரணமாகத் தோன்றும். அதனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இரு கனடிய மருத்துவர்கள் தந்த சூத்திரத்தைக் கைக்கணக்காகவே போடலாம். 140இலிருந்து வயதைக் கழி: 68. எடை 42ஆல் பெருக்கு: 2856. அதை 72 × 1.1, அதாவது 79.2ஆல் வகு: 36. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கு: ஏறக்குறைய 31. நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டர். இளம் வயதில் இது 100ஐ ஒட்டி இருக்கும். இது மதிப்பீடுதான், இப்போது கூடங்கள் பயன்படுத்தும் புதிய சூத்திரங்கள் இதைவிடக் கூடுதலான எண்ணைத் தரலாம். ஆனால் 'நார்மல்' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லிவிடும்.

மருந்தாளுநர் கையிலிருந்த குளுக்கோமீட்டரில் ஒரு துளி ரத்தம் வைக்கிறார். காலை ஏழு மணி. 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து எல்லை. இனி பேச்சு பிறகு. மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஆயா இலையை மென்றிருந்தால் அந்தத் தண்ணீர் இனிக்காது, துப்பத் தோன்றும். இனிக்காவிட்டாலும் சர்க்கரை வேலை செய்யும் என்று சொல்லிக் குடிக்க வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

நூறுக்கு மேல் ஏறிவிட்டது என்று விட்டுவிட்டு வருவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மோசமான தவறு. கிளிபென்கிளமைடு உடம்பில் தேங்கியிருக்கும்போது, சர்க்கரைத் தண்ணீரின் பலன் ஒரு மணி நேரத்தில் தீர்ந்து, எண் மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், இது திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஆயாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அன்று ராத்திரி அங்கேயோ, தேவைப்பட்டால் கீழே பெரிய ஆஸ்பத்திரியிலோ வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டப்படி மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ மருந்தாளுநருக்கு அதிகாரம் இல்லை. எழுதித் தருவது மருத்துவர். ஆனால் 2015ஆம் ஆண்டின் மருந்தாளுமைப் பணி விதிமுறைகள், மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதையும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஆகவே அவர் கையில் இருக்கும் கருவி ஒரு குறிப்புச் சீட்டு. அது நீளமாக இருந்தால் நெரிசலான புறநோயாளி நேரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். என்ன கண்டேன், ஏன் என்று நினைக்கிறேன், எதை மாற்றலாம் என்று கேட்கிறேன், எப்போது மறுபடி பார்ப்பேன்: நான்கு வரி.

எதை மாற்றலாம் என்ற மூன்றாவது வரியில்தான் என் கருத்து பலரோடு வேறுபடும். பெரும்பாலோர் முதலில் எழுதுவது 'மூலிகையை நிறுத்தவும்' என்பது. நான் முதலில் எழுதுவது கிளிபென்கிளமைடு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதன் இடத்தில் கிளிக்ளசைடை வைத்தபோதே, 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று குறித்துவிட்டது. முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளை 1991இலேயே பட்டியலிட்ட அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸின் பெயரில் இன்றும் புதுப்பிக்கப்படும் பட்டியலிலும் அது இருக்கிறது. இலை இல்லாவிட்டாலும் ஆயா அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. இலையை நிறுத்தச் சொன்னால் ஆயா தலையாட்டுவார். அடுத்த மழையில் கொடி தழைக்கும். பறிப்பார். பறிக்காமல் இருக்க மாட்டார். அவர் அம்மா பறித்தது அது. ஒரு மருந்துத் திட்டம், நோயாளி வாக்குத் தவறாமல் இருந்தால்தான் பாதுகாப்பானது என்றால் அந்தத் திட்டமே பாதுகாப்பற்றது. இலை உள்ளே போனாலும் ஆயா விழக் கூடாது. மெட்ஃபார்மின் தனியாக இருக்கும்போது சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அபூர்வம். அதோடு இலை சேர்ந்தால் ஆபத்து மிகச் சிறியது. கணையத்தைச் சவுக்கால் அடிக்கும் மாத்திரையோடு சேரும்போதுதான் அது பெரிதாகிறது.

ஆகவே சீட்டில் போகும் வரிசை இது. கிளிபென்கிளமைடு இன்றே நிறுத்தலாமா? டைக்குளோஃபெனாக் இன்றே நிறுத்தி, முட்டிக்குப் பாராசிட்டமால் தரலாமா? குறிஞ்சானும் கடுக்காயும் இரண்டு வாரம் ஓய்வு. மெட்ஃபார்மினை இதே அளவில் தொடரலாம், ஆனால் சிறுநீரக எண் 30க்குக் கீழ் என்றால் அதையும் நிறுத்த வேண்டும். அடினலாலை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. திடீரென விட்டால் இதயம் துள்ளும். பிறகு படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றுவதைப் பற்றி மருத்துவர் யோசிக்கட்டும். இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி.

பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதுதான் மருந்து மறுபரிசீலனையின் பாலபாடம். எதனால் சரியானது என்று தெரிய வேண்டுமே. இங்கே அந்த விதியை மீறி நான்கில் ஒரே நாளில் கை வைக்கிறோம், ஏனென்றால் சர்க்கரை 58. உயிர் முதலில், துப்பறிதல் பிறகு. அதற்கு நாம் கொடுக்கும் விலை, இலையின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாமல் போவது. நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இலை நிற்கும்போது இன்னோர் ஆபத்தும் வருகிறது. அதைப் பலரும் நினைப்பதில்லை. வேறொரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். பல மாதம் இலை சாப்பிட்டவர், கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கிறார். அங்கே இலை இல்லை, அதோடு புண்ணின் கிருமியும் சேர்ந்து சர்க்கரை ஏறுகிறது. மருத்துவர்கள் மாத்திரையைக் கூட்டுகிறார்கள், அவர்கள் கண்ட எண்ணுக்கு அது சரியான முடிவு. பத்து நாளில் வீடு திரும்புகிறார். புண் ஆறிவிட்டது, கொடி வேலியில் இருக்கிறது, மாத்திரை மட்டும் கூடிய அளவிலேயே நிற்கிறது. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரங்கள் அவருக்கு அபாயக் காலம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முதியவரையும் அந்த இரண்டு வாரத்துக்குள் மருந்தாளுநர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பேன்.

வேலியில் பறித்த இலைக்கும், சந்தையில் பெயரில்லாப் பொட்டலமாக விற்கும் 'சர்க்கரைச் சூரண'த்துக்கும் வேறுபாடு உண்டு. இலைக்குள் இலைதான் இருக்கும். பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்று பொட்டலத்தைக் கட்டியவருக்குத்தான் தெரியும். 2008இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில் 150 பேர் கடுமையான சர்க்கரைத் தாழ்வோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் அவர்கள். ஆண்மைக்கு என்று விற்கப்பட்ட சட்டவிரோத மாத்திரைகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததுதான் காரணம். இலை மெதுவாகத்தான் வேலை செய்யும். 'மூணே நாள்ல சுகர் பாதியாயிடுச்சு' என்று யாராவது மகிழ்ந்து சொன்னால், அந்தப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலிச் சூரணம் ஒரே வாரத்தில் வலியைத் துடைத்து, முகத்தை உப்ப வைத்தால், ஸ்டீராய்டை நினைக்க வேண்டும்.

எல்லா மூலிகையும் குறிஞ்சானைப் போலச் சர்க்கரையை இறக்குவதுமில்லை. இருமலுக்கு மாதக்கணக்கில் அதிமதுரம் சுவைக்கும் தாத்தாவுக்கு அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏறிய அழுத்தத்தைப் பார்த்து இன்னொரு பிரஷர் மாத்திரை சேரும். அது நீர் மாத்திரையாக இருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். இருமலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்த மாத்திரையே வேண்டியிருக்காது.

கணினித் தரவுத்தளங்களில் மூலிகையின் பெயரைத் தட்டினால் நீண்ட எச்சரிக்கைப் பட்டியல் கொட்டும். அவற்றில் பெரும்பாலானவை எலியில் கண்டது, சோதனைக் குழாயில் கண்டது. அதையெல்லாம் ஆயாவிடம் படித்துக் காட்டினால் அவர் அடுத்த முறை டப்பாவை ஒளித்து வைப்பார். ஒளித்து வைத்த டப்பாவைவிட ஆபத்தான மூலிகை கிடையாது. மனிதரில் நடந்ததா, இந்த உடம்பில் நடந்ததற்கு அறிகுறி உண்டா, நடந்தால் உயிருக்கு ஆபத்தா என்று மூன்று வடிகட்டிகளில் விட்டால், பட்டியல் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டாகச் சுருங்கும். அவற்றை மட்டும் பேசினால் போதும்.

இரண்டு வாரம் கழிந்தது. ஆயாவின் கிரியேட்டினின் 0.9, கணக்கில் 31ஆக இருந்தது 37ஆகியிருக்கிறது. முழுசாக மீளவில்லை, மீளவும் செய்யாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 150ஐ ஒட்டி நிற்கிறது. மகனுக்குக் கவலை. "முன்ன நூறுக்குள்ள இருந்துச்சே?" அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது: இந்த வயதில் 150 ஆயாவைக் கொட்டகை வாசலில் தள்ளாது, 58 தள்ளும். வியர்வை நின்றுவிட்டது. முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். பாராசிட்டமால் டைக்குளோஃபெனாக்கின் அளவு கேட்காது. இரவில் சூடான எண்ணெய் தேய்ப்பும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் சேர்ந்தால் தாங்கக்கூடியதாக இருக்கிறது என்கிறார் ஆயா.

மருந்தாளுநர் இன்னொரு படிவமும் நிரப்பினார். இந்தியாவின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் பக்கவிளைவுப் படிவம் அது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகராதி ஆணையம் நடத்துவது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. அந்தப் படிவத்தில், நோயாளி தானாக எடுத்துக்கொண்ட மருந்துகளையும் மூலிகைகளையும் எழுதத் தனி இடமே இருக்கிறது.

மூன்றாம் மாதம் மறுபடி அந்த வீடு. தகர டப்பாவைத் திறந்தால் பொடி மறுபடி இருக்கிறது.

"கோச்சுக்காத பாப்பா. கொஞ்சமாத்தான்."

மருந்தாளுநர் கோபித்துக்கொள்ளவில்லை. விரலில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்: 138. கிளிபென்கிளமைடு அட்டை வீட்டில் எங்கும் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதி செய்கிறார். டைக்குளோஃபெனாக்கும் இல்லை. பிறகு ஆயாவின் மருத்துவ அட்டையை வாங்கி, மெட்ஃபார்மினுக்குக் கீழே அடுத்த வரியில் எழுதுகிறார்: சிறுகுறிஞ்சான் பொடி, வெருகடி, காலை வெறும் வயிற்றில், வாரம் மூன்று நாள்.

"அதையுமா எழுதற?" என்கிறார் ஆயா.

"ஆமா ஆயா. நிறுத்தினாலும் சொல்லுங்க, கூட்டினாலும் சொல்லுங்க."